540 டிகிரியிலிருந்து 54 டிகிரி வரை

நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் ஏழு அலகுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 210 மெகாவாட். இந்த அளவுள்ள அலகுகளில் பாய்லரிலிருந்து டர்பைனுக்குப் போகும் நீராவி ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸில், காற்றழுத்தத்தைப் போல 150 மடங்கு அழுத்தத்தில் இருக்கும். இருட்டறையில் வைத்துப் பார்த்தால் இரும்பு மங்கிய சிவப்பாய்த் தெரியத் தொடங்கும் வெப்பநிலை அது. அந்த நீராவியைச் சுமக்கும் மெயின் ஸ்டீம் பைப்பின் மேல் மினரல் வூல் சுற்றி, அதன் மேல் அலுமினியத் தகடு போர்த்தியிருப்பார்கள். தகட்டைத் தொட்டால் சுடும், ஆனால் கை கொப்புளிக்காது. 540 டிகிரிக்கும் 50 சொச்சம் டிகிரிக்கும் நடுவே இருப்பது ஒரு முழத்துக்கும் குறைவான தூரம். அந்தத் தூரத்துக்குள் வெப்பநிலை எங்கே எவ்வளவு இறங்குகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

நெய்வேலியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. இங்கே வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். ஒரு கிலோவை எரித்தால் சுமார் 2,600 கிலோ கலோரிதான் தேறும். எரிகிற சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடுகிறது. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த வெப்பம் குழாய்ச் சுவர் வழியாக வெளியே கசிவதை எவ்வளவு தடுத்தோம் என்பதற்குக் கணக்கு வேண்டும்.

கணக்குக்கு ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். நான் சொல்லும் அளவுகள் குறிப்பிட்ட ஒரு அலகின் வரைபடத்திலிருந்து எடுத்தவை அல்ல. இவ்வகைக் குழாய்களுக்குப் பொருந்தும்படி வைத்துக்கொண்டவை. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய், வெளிவிட்டம் 350 மில்லிமீட்டர், சுவரின் தடிமன் 40 மில்லிமீட்டர். ஆகவே உள் ஆரம் 135, வெளி ஆரம் 175. அதன் மேல் 200 மில்லிமீட்டர் மினரல் வூல். தகடு வரைக்குமான ஆரம் 375. குழாயைச் சுற்றியுள்ள காற்று 40 டிகிரி. சித்திரை மாதத்தில் பாய்லர் பக்கம் நிற்கிறவர்களுக்கு அது குறைவாகவே தோன்றும்.

சுவர் தட்டையாக இருந்தால் கணக்கு எளிது. வெப்பநிலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நேர்கோடாக இறங்கும். பாதித் தூரத்தில் பாதி இறங்கியிருக்கும். குழாயில் அப்படி நடக்காது. காரணம், வெப்பம் வெளியே போகப்போக அதற்குக் கிடைக்கும் இடம் விரிகிறது. வெங்காயத்தின் உள்ளடுக்கை விட வெளியடுக்கின் பரப்பு பெரியதாக இருப்பதைப் போல, குழாயைச் சுற்றி மனத்தில் வரைந்துகொள்ளும் ஒவ்வொரு வளையமும் முந்தையதை விடப் பெரியது. நிலைத்த நிலையில், அதாவது எந்த இடத்திலும் வெப்பநிலை நேரத்தோடு மாறாதபோது, உள் வளையத்தைக் கடந்த வெப்பம் முழுவதும் வெளி வளையத்தையும் கடந்தாக வேண்டும். நடுவில் தங்கினால் அந்த இடம் சூடேறும்; நிலைத்த நிலை என்று சொல்ல முடியாது. ஆக, ஒரே அளவு வெப்பம் சிறிய பரப்பையும் கடக்கிறது, பெரிய பரப்பையும் கடக்கிறது. சிறிய பரப்பில் நெருக்கித் தள்ள வெப்பநிலை செங்குத்தாக இறங்க வேண்டும். பெரிய பரப்பில் மெல்ல இறங்கினாலே போதும்.

இதை எழுத்தில் வைத்தால் இரண்டு வரிதான். ஒரு மீட்டர் நீளக் குழாயில் நொடிக்கு Q அளவு வெப்பம் வெளியேறுகிறது என்போம். ஆரம் r உள்ள வளையத்தின் பரப்பு 2πr. பொருளின் வெப்பக் கடத்துத்திறன் k. பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822-இல் வெளியிட்ட நூலில் நிலைநாட்டிய விதிப்படி:

```
Q = -k · 2πr · dT/dr
dT/dr = -(Q / 2πk) · (1/r)
```

Q எல்லா வளையத்துக்கும் ஒன்றே என்பதால், வெப்பநிலையின் சரிவு 1/r-ஐப் போல நடந்துகொள்கிறது. 1/r-ஐத் தொகையிட்டால் கிடைப்பது இயல் மடக்கை, அதாவது ln r. பள்ளியில் மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பெருக்கல் செய்த தலைமுறைக்கு அது ஒரு கருவியாக மட்டும் தெரிந்திருக்கும். இங்கே அது குழாயின் உருவத்திலிருந்தே பிறக்கிறது. உள் ஆரம் r₁-இல் T₁, வெளி ஆரம் r₂-இல் T₂ என்றால்:

```
T(r) = T₁ - (T₁ - T₂) · ln(r/r₁) / ln(r₂/r₁)
Q = 2πk (T₁ - T₂) / ln(r₂/r₁)
```

சூத்திரத்தில் தடிமன், அதாவது r₂-இலிருந்து r₁-ஐக் கழித்த தொகை, எங்குமே வரவில்லை. வருவது விகிதம் மட்டுமே. 100 மில்லிமீட்டரிலிருந்து 200-க்குப் போகும்போது எவ்வளவு டிகிரி இறங்குமோ, அதே அளவுதான் 200-லிருந்து 400-க்குப் போகும்போதும் இறங்கும். முதல் இறக்கத்துக்கு 100 மில்லிமீட்டர் பொருள் போதும். இரண்டாவதற்கு 200 வேண்டும்.

இனி எண்களைப் போடலாம். வெப்பநிலை வேறுபாட்டை Q-ஆல் வகுத்தால் வருவது வெப்பத் தடை. மின்சுற்றில் தடைகளை வரிசையாகக் கூட்டுவது போலவே இங்கேயும் கூட்டலாம், ஏனென்றால் எல்லா அடுக்கையும் கடப்பது ஒரே Q. எஃகின் கடத்துத்திறன் இந்தச் சூட்டில் மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 33 வாட். மினரல் வூலுக்கு, சுமார் 300 டிகிரி சராசரியில், 0.08 வாட் என்று கொள்வோம். தகட்டிலிருந்து காற்றுக்கு வெப்பம் போவதற்கு ஒரு சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 10 வாட்.

```
எஃகு : ln(175/135) / (2π × 33)   = 0.00125
வூல்  : ln(375/175) / (2π × 0.08) = 1.516
காற்று: 1 / (2π × 0.375 × 10)     = 0.042
மொத்தம்                            = 1.56
Q = (540 - 40) / 1.56 ≈ 320 வாட், ஒரு மீட்டருக்கு
```

தகட்டின் வெப்பநிலை 40 + 320 × 0.042, அதாவது ஏறத்தாழ 54 டிகிரி. இன்சுலேஷன் ஒப்பந்தங்களில் வழக்கமாக எழுதும் 60 டிகிரி வரம்புக்குள் இது அடங்குகிறது. நான்கு சென்டிமீட்டர் தடிமனுள்ள எஃகுச் சுவரில் மட்டும் எவ்வளவு இறங்குகிறது? 320 × 0.00125, அதாவது 0.4 டிகிரி. எஃகின் உட்பக்கம் 540 என்றால் வெளிப்பக்கம் 539.6. மீதி 486 டிகிரியையும் வூல் தாங்குகிறது.

இதைப் பார்த்ததும், தடித்த குழாய்ச் சுவரின் கணக்கில் சுவருக்கு வேலையே இல்லையே என்று தோன்றலாம். அப்படி நினைப்பது ஆபத்து. சுவரின் குறுக்கே உள்ள வேறுபாட்டைத் தீர்மானிப்பது சுவர் மட்டும் அல்ல, அதைக் கடக்கும் Q. அந்த Q-வை அடக்கி வைத்திருப்பது வூல். வூல் போய்விட்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

வால்வு பழுது பார்க்க இன்சுலேஷனைக் கழற்றி, திரும்பப் போடாமல் ஒரு மீட்டர் குழாயை வெறுமையாக விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சூட்டில் எஃகு கதிர்வீச்சாக மட்டும் சதுர மீட்டருக்கு 16, 17 கிலோவாட் வெளியேற்றும். காற்று அடித்துக்கொண்டு போவது மூன்று கிலோவாட்டுக்கு மேல். மொத்தத்தில் அந்த ஒரு மீட்டர் சுமார் 22 கிலோவாட் இழக்கும், முன்பு இழந்ததைப் போல ஏறத்தாழ எழுபது மடங்கு. இப்போது அதே எஃகுச் சுவரின் குறுக்கே 22,000 × 0.00125, அதாவது 28 டிகிரி வேறுபாடு. உட்பக்கம் விரிய விரும்பும் அளவுக்கு வெளிப்பக்கம் விரியாது. ஏற்கெனவே நீராவி அழுத்தத்தால் இழுபட்டிருக்கும் வெளிப்புற எஃகில் இன்னோர் இழுவிசை சேர்கிறது. 540 டிகிரியில் வேலை செய்யும் எஃகு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நீண்டு களைத்துப்போகும் இயல்புடையது. அதன் மேல் வீணாக இன்னொரு சுமை ஏற்றக் கூடாது. வெறுமையான இடத்தில் மழை நீர் பட்டால் வேறுபாடு இன்னும் பெருகும். எரிபொருள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: வூல் இருக்கும்போது அந்த ஒரு மீட்டரின் இழப்பு நாளொன்றுக்கு இரண்டரைக் கிலோ பழுப்பு நிலக்கரியின் வெப்பம்; வெறுமையானால் ஏறத்தாழ 175 கிலோ.

அப்படியானால் வூலை இன்னும் கனமாகச் சுற்றிவிடலாமே? இங்கேதான் மடக்கை தன் குணத்தைக் காட்டுகிறது. 200 மில்லிமீட்டரை 400 ஆக்குவோம். தட்டைச் சுவரில் தடிமனை இரட்டிப்பாக்கினால் இழப்பு ஏறக்குறையப் பாதியாகும். குழாயில் வூலின் தடை ln(575/175), அதாவது 1.19, முன்பு ln(375/175), 0.76. ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான். இழப்பு 320 வாட்டிலிருந்து 209-க்கு இறங்கும். பாதி கூட அல்ல, 35 சதவீதக் குறைவு. அதற்கு வாங்க வேண்டிய வூல் எவ்வளவு? மீட்டருக்கு 0.35 கன மீட்டராக இருந்தது 0.94 ஆகிறது. 2.7 மடங்கு. அந்த எடையையும் குழாயைத் தொங்கவிட்டிருக்கும் ஹேங்கர்கள் சுமக்க வேண்டும். வெளியடுக்கு ஒவ்வொன்றும் முந்தையதை விட அதிகப் பொருளைக் கேட்டு, குறைந்த பலனைத் தருகிறது. எந்தத் தடிமனோடு நிறுத்துவது என்பதை இந்த இரண்டு போக்குகளும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

மடக்கைக்குப் பயந்து தட்டைச் சுவர் சூத்திரத்தையே போட்டால் எவ்வளவு தவறும் என்பதையும் பார்த்துவிடுவோம். வூலின் உட்பரப்பை வைத்துக் கணக்கிட்டால் 214 வாட் வரும். வெளிப்பரப்பை வைத்தால் 458. உண்மை 320. இரண்டுக்கும் நடுவான ஆரத்தை எடுத்தால் 336. ஐந்து சதவீதம்தான் பிழை. கையால் விரைவாகக் கணக்குப் பார்க்க இது போதும். ஆனால் மெல்லிய குழாயில் கனமான வூல் சுற்றும்போது ஆர விகிதம் பெரிதாகி, அந்தக் குறுக்குவழி ஏமாற்றிவிடும்.

வூலுக்குள் இருக்கும் வெப்பநிலைக்கு வருவோம். வூலைப் பல அடுக்காகத்தான் சுற்றுவார்கள். ஓர் அடுக்கின் இணைப்பு அடுத்த அடுக்கின் இணைப்புக்கு நேராக வராமல் மாற்றி வைப்பார்கள். சரியாகப் பாதித் தடிமனில், 275 மில்லிமீட்டர் ஆரத்தில், எவ்வளவு சூடு இருக்கும்? தட்டைச் சுவரென்றால் 297 டிகிரி. மடக்கைச் சூத்திரத்தில் ln(275/175)-ஐ ln(375/175)-ஆல் வகுத்தால் 0.593. அதாவது முதல் பாதியிலேயே 59 சதவீதம் இறங்கிவிடுகிறது. வெப்பநிலை 251 டிகிரி. பாதி இறங்கும் இடம் நடுவில் இல்லை. 175-ஐயும் 375-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் 256 மில்லிமீட்டர் ஆரத்தில், எஃகிலிருந்து 81 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது.

பாடப்புத்தகம் இந்த 251-உடன் நிறுத்திக்கொள்ளும். அந்த ஆழத்தில் ஒரு தெர்மோகப்பிளைச் செருகிப் பார்ப்பவருக்கு வேறு எண் கிடைக்கும். k ஒரே எண் என்று வைத்துக்கொண்டோம். மினரல் வூலில் அது உண்மையல்ல. வூலின் இழைகளுக்கு நடுவே உள்ள காற்று வழியாகவும் கதிர்வீச்சாகவும் வெப்பம் பாய்வதால், சூடு ஏற ஏற அதன் கடத்துத்திறன் கூடுகிறது. 100 டிகிரியில் 0.05, 300-இல் 0.08, 500-இல் 0.11 என்று சீராகக் கூடுவதாக வைத்துக்கொண்டால், மொத்த இழப்பு மாறாது. சராசரி வெப்பநிலைக்குரிய k-ஐப் பயன்படுத்தியதால் அந்த 320 வாட் அப்படியே நிற்கும். ஆனால் உள்ளே பங்கீடு மாறிவிடும். எஃகை ஒட்டிய சூடான வூல் வெப்பத்தை எளிதாக விடுகிறது, அங்கே சரிவு தளர்கிறது; வெளிப்பக்கத்துக் குளிர்ந்த வூல் இறுக்கிப் பிடிக்கிறது. கணக்கை மறுபடி போட்டால் நடுத் தடிமனில் 307 டிகிரி வருகிறது. மடக்கை கீழே இழுத்ததை k மேலே தள்ளிவிட்டது. வெளியடுக்குக்குக் குறைந்த வெப்பம் தாங்கும் மலிவான பொருளைப் போடலாமா என்று முடிவு செய்பவர் 251-ஐ நம்பினால், அந்தப் பொருள் உண்மையில் 50 டிகிரிக்கு மேல் கூடுதலாகத் தாங்க வேண்டியிருக்கும். இழப்பு சரியாக வந்ததை வைத்து உள்ளே உள்ள வெப்பநிலையும் சரி என்று எண்ணக் கூடாது.

இன்சுலேஷன் கெட்டிருக்கிறதா என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? தகட்டின் வெப்பநிலையை அளப்பதுதான் வழி. ஆனால் அந்த எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். பளபளப்பான புதிய அலுமினியத் தகடு கதிர்வீச்சை அதிகம் வெளியிடாது. அதற்கு 10-க்குப் பதில் 5.7 என்ற மதிப்பைப் போட்டால், இழப்பு 320-லிருந்து 314 வாட்டாகக் குறைகிறது. தகடோ 54-லிருந்து 63 டிகிரிக்கு ஏறுகிறது. இழப்பு குறைந்தபோது தகடு சூடேறியிருக்கிறது. 60-ஐத் தாண்டிவிட்டது என்று வூலைக் குறை சொன்னால் தவறு. அதே தகட்டை அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால் தலைகீழான ஏமாற்றம் நடக்கும். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் காட்டாமல் சுற்றுப்புறத்தையே பிரதிபலிப்பதால், கேமரா குறைவான எண்ணைச் சொல்லும். தகட்டில் ஒரு சிறு பட்டையை மங்கலான கறுப்பு வண்ணத்தால் பூசியோ, டேப் ஒட்டியோ அந்த இடத்தை அளந்தால்தான் எண் நம்பத்தக்கது.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். நாம் எழுதிய சூத்திரம் நிலைத்த நிலைக்கானது. 40 மில்லிமீட்டர் எஃகு சில நிமிடங்களில் நிலைக்கு வந்துவிடும். வெப்பத்தை மெல்லவே விடும் 200 மில்லிமீட்டர் வூலுக்கு அரை நாள் ஆகலாம். அலகை ஓட்டத் தொடங்கிய இரண்டு மணி நேரத்தில் தகட்டைத் தொட்டுப் பார்த்து இன்சுலேஷன் பிரமாதம் என்று சொன்னால், சூடு இன்னும் வெளியே வந்து சேரவில்லை என்பதுதான் பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில், அல்லது 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூர்க் கரையைத் தாக்கிய தானே புயல் போன்ற ஒன்றில், தகடு பெயர்ந்து வூல் நனைந்துவிட்டால் நிலைமை இன்னும் குழப்பம். ஈரம் வற்றும் வரை வெப்பத்தின் ஒரு பங்கு நீரை ஆவியாக்கப் போகும். எந்த வளையத்திலும் Q ஒன்றாக இருக்காது. மடக்கைச் சூத்திரத்துக்கு அங்கே இடமில்லை. காய்ந்த பிறகு அளக்க வேண்டும்.

ஆண்டுகள் போகப்போக வரும் இன்னொரு கோளாறு, வூல் தொய்வது. படுக்கைக் குழாயில் அது தன் எடையால் கீழே சரிந்து, மேல்பக்கம் மெலிந்து, அடிப்பக்கம் தொங்கும். வளையங்கள் இனி ஒரே மையத்தில் இல்லை. ஆனாலும் மேல்பக்கத்துக்கு மட்டும் சூத்திரத்தைத் தோராயமாகப் பொருத்தலாம். அங்கே வூல் 100 மில்லிமீட்டராக அமுங்கியிருந்தால் தடை ln(275/175)-க்கு இறங்கும். தகடு சுமார் 70 டிகிரி காட்டும். ஆகவே ஒரே குறுக்குவெட்டில் மேலும் கீழும் பக்கங்களிலுமாக நான்கு இடங்களில், ஒரே வகைக் கறுப்புப் பட்டையில் அளந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பக்கங்களில் 54, மேலே 70 என்று வந்தால், தொய்வுதான் காரணம் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். நான்கும் சேர்ந்து உயர்ந்தால் வூலின் தரத்தையோ, சுற்றியுள்ள காற்றோட்டத்தையோ சந்தேகிக்க வேண்டும். ஹேங்கர் கவ்வியின் பக்கத்திலும் வால்வின் கழுத்திலும் மட்டும் இப்படி அளக்கக் கூடாது. அங்கே எஃகு வூலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. வெப்பம் ஆரத்தின் வழியே மட்டும் பாயாமல் உலோகத்தின் நீளவாக்கிலும் ஓடும்.